சிவப்பு முக்கோணம் சொல்வதும் பூட்டு சொல்லாததும்

வாட்ஸப்பில் எனக்கு அடிக்கடி வரும் படங்களில் இது ஒன்று. வெள்ளைத் திரை, மேலே சிவப்பு முக்கோணம், அதற்குள் ஆச்சரியக்குறி. கீழே பெரிய எழுத்தில் "Your connection is not private". அதற்கும் கீழே சாம்பல் நிறத்தில், பெரும்பாலும் பாதி வெட்டுப்பட்டு, NET::ERR_CERT_ என்று தொடங்கும் ஒரு வரி. கூடவே ஒரு கேள்வி வரும்: "இந்த சைட்ல வைரஸ் இருக்கா? உள்ளே போகலாமா?"

வைரஸைப் பற்றி அந்தப் பக்கம் எதுவுமே சொல்லவில்லை. பிரவுசர் ஒரு பெயரைச் சொல்லி ஒரு சர்வரைக் கூப்பிட்டிருக்கிறது. வந்து நின்றவர் காட்டிய சான்றிதழை வைத்து "அந்தப் பெயர்க்காரர் இவர்தான்" என்று உறுதி செய்ய முடியவில்லை. அவ்வளவுதான் செய்தி. அதற்குக் காரணம் திருட்டாக இருக்கலாம், சர்வரைப் பார்த்துக்கொள்பவரின் கவனக்குறைவாக இருக்கலாம், உங்கள் கம்ப்யூட்டரின் கடிகாரமாகவும் இருக்கலாம். எது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் அந்தச் சாம்பல் நிற வரி. ஆனால் படம் எடுப்பவர்கள் முதலில் வெட்டி எறிவதும் அதைத்தான்.

சான்றிதழ் எப்படிக் கிடைக்கிறது என்று தெரிந்தால் அது எதற்குச் சாட்சி என்பதும் புரிந்துவிடும். இன்று மிக அதிகமாகப் புழங்குவது லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழ். 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்த சேவை அது. நான் ஒரு டொமைன் வாங்கி, அதற்குச் சான்றிதழ் கேட்கிறேன் என்று வையுங்கள். அவர்கள் ஒரு நீளமான எழுத்துச் சரத்தைத் தந்து, "இதை உன் சர்வரில் /.well-known/acme-challenge/ என்ற முகவரியில் வை" என்பார்கள். வைத்ததும் இணையத்தில் ஒன்றுக்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து வந்து அதை எடுத்துப் பார்ப்பார்கள். சரியாக இருந்தால் சான்றிதழ் கைக்கு வந்துவிடும். மொத்தமும் இயந்திரம் செய்யும் வேலை, சில நொடிகளில் முடிந்துவிடும். இது ஒரு முகவரிக்கு ரிஜிஸ்டர் தபால் அனுப்பி, அங்கே இருப்பவரிடம் கையெழுத்து வாங்கி வருவது மாதிரி. அந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்பது உறுதி. அவர் யார், என்ன தொழில் செய்கிறார், நாணயமானவரா என்று தபால்காரர் கேட்பதில்லை.

ஆக, சான்றிதழில் இருக்கும் வாக்கு இவ்வளவுதான்: இந்த டொமைன் பெயரைத் தன் கையில் வைத்திருப்பவரிடம் குறியாக்கத்துக்கான இந்தச் சாவி இருக்கிறது. இந்தச் சாவியை வைத்து நடக்கும் பேச்சை நடுவில் இருப்பவர் படிக்கவோ மாற்றவோ முடியாது. அந்த வாக்குக்கு ஒரு காலவரையறை உண்டு, அதைக் கொடுத்தவர் பெயரும் உண்டு. பெயர், தேதி, கொடுத்தவர் என்ற இந்த மூன்றில் ஒன்று பொருந்தவில்லை என்றாலும் பிரவுசர் சிவப்பு முக்கோணத்தைக் காட்டும். எது பொருந்தவில்லை என்பதைத்தான் அந்தச் சாம்பல் வரி சொல்கிறது.

இதை நீங்களே பாதுகாப்பாகப் பார்க்கலாம். badssl.com என்று ஒரு சோதனைத் தளம் இருக்கிறது. பிரவுசர்கள் சரியாக எச்சரிக்கின்றனவா என்று பார்ப்பதற்காக வேண்டுமென்றே தப்பான சான்றிதழ்களை வைத்திருக்கும் தளம். அதில் expired.badssl.com என்ற பக்கத்தை குரோமில் திறந்தால் சிவப்பு முக்கோணமும் NET::ERR_CERT_DATE_INVALID என்ற வரியும் வரும். அங்கேயே நிற்காமல் Advanced என்ற பொத்தானை அழுத்துங்கள். சான்றிதழ் காலாவதியாகி எத்தனை நாள் ஆகிறது என்றும், உங்கள் கம்ப்யூட்டரின் கடிகாரம் இப்போது என்ன தேதி காட்டுகிறது என்றும் ஒரு பத்தி விரியும். அந்தச் சாம்பல் நிறக் குறியீட்டின் மேலேயே சொடுக்கினால் சான்றிதழ் யார் பெயரில் இருக்கிறது, யார் கொடுத்தது, எப்போது முடிகிறது என்பதெல்லாம் அதே பக்கத்தில் வந்து நிற்கும். எனக்கு அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் இந்த நிலையில் எடுத்ததாக இருந்தால் பாதிக் கேள்விகளை நான் திருப்பிக் கேட்கவே வேண்டாம்.

டெர்மினல் பழக்கம் உள்ளவர்கள் இப்படிப் பார்க்கலாம்:

```
echo | openssl s_client -connect expired.badssl.com:443 \
  -servername expired.badssl.com 2>/dev/null \
  | openssl x509 -noout -subject -issuer -dates
```

வரும் பதிலில் notAfter என்ற வரியில் 2015 ஏப்ரல் 12 என்று இருக்கும். அந்தச் சான்றிதழ் செத்துப் பல வருஷம் ஆகிறது, ஆனால் சாவி இன்னும் வேலை செய்கிறது. எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போனாலும் தகவல் குறியாக்கம் ஆகித்தான் போகும். இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். சிவப்பு முக்கோணம் வந்தால் குறியாக்கமே இல்லை என்று அர்த்தமில்லை. யாரோடு பேசுகிறோம் என்பது தெரியாமல் குறியாக்கம் செய்து பேசுகிறோம் என்று அர்த்தம். எதிரில் திருடன் இருந்தால், அவனுக்கு மட்டுமே புரிகிற மாதிரி நம் பாஸ்வேர்டைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

தேதிப் பிரச்சினைதான் என்னிடம் அதிகம் வருவது. அதிலும் இரண்டு வகை இருக்கிறது. சித்தப்பா ஒருமுறை தன் பழைய டெஸ்க்டாப்பின் திரையைப் போனில் போட்டோ எடுத்து அனுப்பினார். அவருடைய பேங்க் தளம், சிவப்புத் திரை. "தம்பி, பேங்க் சைட்டையே ஹேக் பண்ணிட்டானுங்களா? காலையிலேர்ந்து உள்ளேயே விட மாட்டேங்குது" என்று குரல் பதிவு வேறு. நல்லவேளை, படத்தை வெட்டாமல் முழுத் திரையையும் எடுத்திருந்தார். வலது கீழ் மூலையில் விண்டோஸ் கடிகாரம் தெரிந்தது. வருஷம் 2009.

"சித்தப்பா, கூகுள் திறக்குதா பாருங்க."

"அதுவும் இதே மாதிரிதான்பா வருது."

ஒரே ஒரு தளத்தில் மட்டும் எச்சரிக்கை வந்தால் அந்தத் தளத்தைச் சந்தேகப்படலாம். திறக்கிற எல்லாத் தளத்திலும் வந்தால் கோளாறு நம் பக்கம். மதர்போர்டில் ஒரு சின்ன வட்டமான பேட்டரி இருக்கும், பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட். கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துபோனால், ஒவ்வொரு முறை பிளக்கைப் பிடுங்கிப் போடும்போதும் தேதி பழைய ஏதோ ஒரு வருஷத்துக்குப் போய்விடும். 2009-இல் நின்றுகொண்டு பார்க்கிற பிரவுசருக்கு இந்த வருஷம் கொடுத்த சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. "காலாவதி" என்பதற்கும் "இன்னும் தொடங்கவில்லை" என்பதற்கும் குறியீடு ஒன்றுதான், DATE_INVALID. தேதியைத் திருத்தியதும் பேங்க் திறந்துவிட்டது. பேட்டரியை அடுத்த வாரம் மாற்றிக்கொண்டார்.

இன்னொரு வகையில் தப்பு சர்வர் பக்கம். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழுக்கு ஆயுள் 90 நாள்தான் என்பதால் புதுப்பிப்பதைத் தானியங்கியாக ஒரு நிரல் செய்யும். அந்த நிரல் புதுச் சான்றிதழை ஒழுங்காக வாங்கி வட்டில் எழுதி வைத்திருக்கும். ஆனால் வெப் சர்வர் பழையதை நினைவகத்தில் வைத்துக்கொண்டு அதையே எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருக்கும். ரீலோட் செய்யச் சொல்லி யாரும் அமைத்திருக்க மாட்டார்கள். கோப்பைத் திறந்து பார்த்தால் எல்லாம் சரி, வெளியிலிருந்து பார்த்தால் காலாவதி. மேலே காட்டிய openssl கட்டளை வெளியிலிருந்து பார்ப்பதால்தான் அதை நான் நம்புகிறேன். இனிமேல் இந்தக் கோளாறு இன்னும் அதிகம் வெளிப்படும் என்பது என் கணிப்பு. சான்றிதழ் தருபவர்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த மன்றம், உச்ச ஆயுளைப் படிப்படியாகக் குறைத்து 2029 மார்ச்சில் 47 நாளுக்குக் கொண்டுவர 2025-இல் முடிவு செய்திருக்கிறது. கையால் புதுப்பிக்கும் அலுவலகங்கள் திணறப் போகின்றன.

நான் உண்மையிலேயே கவலைப்படும் குறியீடு வேறு: NET::ERR_CERT_AUTHORITY_INVALID. சான்றிதழைக் கொடுத்தவரை எனக்குத் தெரியாது என்கிறது பிரவுசர். வீட்டு ரௌட்டரின் 192.168.1.1 பக்கத்தில் இது வந்தால் பதறவேண்டாம், ரௌட்டர் தனக்குத்தானே எழுதிக்கொண்ட சான்றிதழ் அது. ஆனால் நேற்று வரை ஒழுங்காகத் திறந்த மின்னஞ்சலோ பேங்க்கோ, ஒரு லாட்ஜ் வைஃபையில் உட்கார்ந்ததும் இந்தக் குறியீட்டைக் காட்டினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் அதே முகவரியைத் திறந்து பாருங்கள். அதில் சரியாகத் திறந்தால் தளத்தில் பழுதில்லை, நடுவில் இருக்கும் வலையமைப்பு குறுக்கிடுகிறது. பணம் கட்டச் சொல்லும் லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடுவதற்காகவும் இருக்கலாம், ஒட்டுக்கேட்பதற்காகவும் இருக்கலாம். நமக்கு வித்தியாசம் தெரியாது, தெரியாத இடத்தில் பாஸ்வேர்டு போடக்கூடாது.

சில தளங்களில் Advanced-ஐ அழுத்தினாலும் உள்ளே போகும் இணைப்பே இருக்காது. "என்னிடம் சான்றிதழ் சரியில்லாமல் யாரும் வரக்கூடாது" என்று அந்தத் தளமே பிரவுசருக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறது. அதற்கு எச்எஸ்டிஎஸ் என்று பெயர். வழி இல்லை என்றால் தேடக்கூடாது. "எப்படியாவது உள்ளே போக ஒரு ட்ரிக் சொல்லுங்க" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வதில்லை.

சரி, எச்சரிக்கை வராத பக்கத்துக்கு வருவோம். மூன்றும் பொருந்திவிட்டன, முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் தெரிகிறது. இதை வைத்து மக்கள் எடுக்கும் முடிவுதான் எனக்கு எச்சரிக்கைப் பக்கத்தைவிடப் பெரிய கவலை. 2018-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் நடந்ததை நான் எல்லாரிடமும் சொல்வேன். அங்கே எல்லாப் பூட்டும் உண்மையான பூட்டு.

அந்த வருஷம் ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 5 வரை அந்த விமான நிறுவனத்தின் தளத்திலும் செயலியிலும் கார்டு எண்ணைத் தட்டியவர்களின் விவரங்கள் திருடுபோயின. சுமார் 3,80,000 பணப் பரிமாற்றங்கள் என்று நிறுவனமே முதலில் அறிவித்தது. போலித் தளம் எதுவும் இல்லை. பயணிகள் சரியான முகவரியைத் தட்டி, சரியான சர்வருக்குத்தான் போனார்கள். சான்றிதழ் செல்லுபடியானது. பெயர், தேதி, கொடுத்தவர் எல்லாம் பொருத்தம்.

திருடர்கள் அந்த நிறுவனத்தின் சர்வருக்குள் புகுந்து, மாடர்னைசர் என்ற பழைய ஜாவாஸ்கிரிப்ட் கோப்பின் அடியில் 22 வரிகளைச் சேர்த்திருந்தார்கள். பணம் கட்டும் பொத்தானிலிருந்து விரலோ மௌஸோ எழும் நொடியில் அந்த வரிகள் ஓடும். படிவத்தில் இருக்கும் பெயரையும் கார்டு விவரத்தையும் அள்ளி baways.com என்ற முகவரிக்கு அனுப்பும். பயணியின் டிக்கெட்டும் ஒழுங்காக வந்துவிடும், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த 22 வரிகளும் சரியான சர்வரிலிருந்து, குறியாக்கம் செய்யப்பட்டு, வழியில் யாரும் தொடாமல் பத்திரமாகத்தான் வந்தன. சான்றிதழ் கொடுத்த வாக்கு ஒரு எழுத்துக்கூடப் பொய்யாகவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். baways.com-க்கும் செல்லுபடியான சான்றிதழ் இருந்தது. இலவசச் சான்றிதழ்கூட இல்லை, கொமோடோ என்ற சான்றிதழ் நிறுவனத்திடம் காசு கொடுத்து வாங்கியது, திருட்டு தொடங்குவதற்குச் சில நாள் முன்பு. அந்த டொமைன் திருடர்களுடையதுதான். அதனால் சான்றிதழ் கொடுத்ததில் விதிப்படி தப்பே இல்லை. பூட்டுள்ள பக்கம் பூட்டில்லாத முகவரிக்குத் தகவல் அனுப்பினால் பிரவுசர் தடுக்கும். அதனால் திருடனும் தன் பக்கம் ஒரு பூட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறான்.

பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் விசாரித்து 2020 அக்டோபரில் 2 கோடி பவுண்ட் அபராதம் விதித்தது. சர்வரைக் காக்கத் தவறியதற்கான அபராதம். அதற்கும் சான்றிதழுக்கும் சம்பந்தமில்லை. வெளியே இருந்த ஒருவர் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் நிறுவனத்துக்கே விஷயம் தெரிந்தது. அந்த இரண்டு வாரமும் பூட்டைப் பார்த்து முடிவெடுத்த எந்தப் பயணிக்கும் அது துளியும் உதவியிருக்காது.

இதெல்லாம் சான்றிதழ் தருபவர் ஒழுங்காக இருந்தும் நடப்பது. அவரே தவறினால்? நம் நாட்டிலேயே அது நடந்திருக்கிறது. 2014 ஜூலை 2-ஆம் தேதி, கூகுளின் சில டொமைன்களுக்கு இந்தியாவின் தேசிய தகவலியல் மையத்தின் பெயரில் சான்றிதழ்கள் புழங்குவதை கூகுள் கண்டுபிடித்தது. கூகுள் அவற்றைக் கேட்கவே இல்லை. அந்த மையத்துக்கு மேலே இருந்த இந்திய அரசின் சான்றிதழ்க் கட்டுப்பாட்டாளரின் வேர்ச் சான்றிதழை, அதாவது கீழே உள்ள சான்றிதழ்களுக்கெல்லாம் அடிப்படையான சான்றிதழை, மைக்ரோசாஃப்ட் தன் நம்பிக்கைப் பட்டியலில் வைத்திருந்தது. ஆகவே விண்டோஸில் ஓடும் பெரும்பாலான நிரல்கள் அவற்றை ஏற்றுக்கொண்டிருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் தனக்கென்று வேறு பட்டியல் வைத்திருந்ததால் ஏமாறவில்லை. குரோமும் கூகுள் தளங்களுக்கு எந்தச் சாவி வரவேண்டும் என்று தனக்குள்ளேயே குறித்து வைத்திருந்ததால் தப்பித்தது. கட்டுப்பாட்டாளர் மறுநாளே அந்த மையம் பிறருக்குச் சான்றிதழ் கொடுக்கப் பயன்படுத்திய இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தார். சான்றிதழ் வழங்கும் முறைக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்பது விசாரணையின் பதில். அதன் பிறகு அந்த வேர்ச் சான்றிதழை gov.in, nic.in போன்ற குறிப்பிட்ட சில டொமைன்களுக்கு மட்டும் குரோம் சுருக்கிவிட்டது.

இந்த மாதிரிச் சம்பவங்களால் வந்த பெரிய மாற்றம் பொதுப் பதிவேடு. 2018 ஏப்ரல் 30-க்குப் பிறகு கொடுக்கும் எந்தப் பொதுச் சான்றிதழும் எல்லாரும் பார்க்கக்கூடிய ஒரு பதிவேட்டில் ஏறவேண்டும், இல்லாவிட்டால் குரோம் ஏற்காது. crt.sh என்ற தளத்தில் எந்த டொமைன் பெயரைத் தட்டினாலும் அதற்கு யார், எப்போது, என்ன சான்றிதழ் கொடுத்தார்கள் என்று பட்டியல் வரும். சொந்த டொமைன் வைத்திருப்பவர்கள் தங்கள் பெயரை ஒருமுறை அதில் போட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத சான்றிதழ் அதில் இருந்தால் உடனே விசாரிக்க வேண்டும்.

பூட்டு தப்பாகப் புரிந்துகொள்ளப்படுகிறது என்பது பிரவுசர் செய்பவர்களுக்கும் தெரியும். 2021-இல் குரோம் குழு நடத்திய ஆய்வில் பங்கேற்றவர்களில் 11 சதவீதம் பேர்தான் பூட்டுப் படத்தின் அர்த்தத்தைச் சரியாகச் சொன்னார்கள். 2023 செப்டம்பரில் வந்த குரோம் 117-இல் பூட்டையே எடுத்துவிட்டு, இரண்டு கோடுகளும் இரண்டு வட்டங்களும் கொண்ட ஒரு அமைப்புப் படத்தை வைத்தார்கள். சரியான முடிவு என்பேன். பூட்டு இருந்தவரை அது "நல்ல இடம்" என்ற முத்திரையாகவே பார்க்கப்பட்டது. ஆனாலும் பழைய பழக்கம் போகவில்லை. இன்ஸ்டாகிராமில் பட்டுப்புடவை விற்பவரிடம் "நம்பலாமா?" என்று கேட்டால், தன் தளத்தின் பூட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறார். அந்த டொமைன் அவருடையது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அது படம் என்பதால் அந்த அளவுக்குக்கூட இல்லை, பூட்டை யாரும் வரைந்துவிடலாம்.

அதனால் யாராவது "இந்த சைட் ஓகேவா" என்று படம் அனுப்பினால், முகவரியை எழுத்தாக, முழுசாக நகலெடுத்து அனுப்பச் சொல்கிறேன். வந்ததும் https:// என்பதைத் தள்ளிவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோடு எங்கே என்று பார்த்து, அங்கிருந்து இடதுபக்கமாகப் பின்னோக்கிப் படிப்பேன். www.irctc.co.in.ticket-refund.example/login என்று இருந்தால், முன்னால் எவ்வளவு பழக்கமான பெயர் இருந்தாலும் உரிமையாளர் ticket-refund.example-ஐ வைத்திருப்பவர்தான். அவருக்கும் சான்றிதழ் கிடைக்கும், அதுவும் செல்லும். அப்புறம் அந்தக் கடைசிப் பெயரை crt.sh-இல் போட்டுப் பார்ப்பேன். பத்து வருஷமாகக் கடை நடத்துவதாகச் சொல்லும் தளத்துக்கு முதல் சான்றிதழே போன செவ்வாய்க்கிழமைதான் கொடுக்கப்பட்டிருக்கிறது என்றால், பணம் அனுப்பவேண்டாம் என்று பதில் போட்டுவிடுவேன்.